‘நடந்திருந்தால்’ வினா: வரலாற்றுத் தேர்வில் எப்படி எழுதுவது, எப்படி நியாயமாகத் திருத்துவது

‘அது அப்படி நடக்காமல் இருந்திருந்தால்?’ என்ற வினாவை வினாத்தாளில் சேர்க்க எல்லா வரலாற்று ஆசிரியர்களுக்கும் ஆசை உண்டு. சேர்த்தபின் விடைத்தாள்களைக் கையில் எடுக்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. ஒரு மாணவர் கதை எழுதியிருப்பார், இன்னொருவர் பாடப்புத்தகத்தை அப்படியே ஒப்பித்திருப்பார். மூன்றாமவர் நாம் ஒப்புக்கொள்ளாத முடிவுக்கு அழகாக வந்து சேர்ந்திருப்பார். மூவருக்கும் எந்த அளவுகோலில் மதிப்பெண் போடுவது?

அளவுகோலை வினா எழுதும்போதே செய்துவிட வேண்டும். திருத்தும் மேசையில் உட்கார்ந்து செய்தால், நமக்குப் பிடித்த விடைக்கு ஏற்ற அளவுகோலைத்தான் செய்வோம். இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, அதை எழுதுவதிலிருந்து மதிப்பெண் போடுவது வரை போகிறது. நிகழ்ச்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 1914 ஜூன் 28, சரயேவோ, ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டின் கொலை.

முதல் படி: எதை அளக்கிறோம் என்று முடிவு செய்தல்

இந்த வகை வினா கற்பனை வளத்தை அளக்க வந்ததல்ல. ‘பிரான்ஸ் பெர்டினாண்ட் கொல்லப்படாமல் இருந்திருந்தால் போர் வந்திருக்குமா?’ என்று கேட்பதும், ‘அந்தக் கொலை போருக்கு எவ்வளவு முக்கியமான காரணம்?’ என்று கேட்பதும் அடிப்படையில் ஒன்றுதான். ஒரு காரணத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் மற்றவை தாமாகவே அந்த விளைவைக் கொண்டுவருமா என்பதே கேள்வி. ஆகவே அளக்க வேண்டியது, காரணங்களை எடைபோடும் திறன். மாணவர் சொல்லும் முடிவுக்கு மதிப்பெண் இல்லை. இதை மாணவர்களுக்கும் தேர்வுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஆசிரியர் எந்தப் பக்கம் என்று ஊகிப்பதில்தான் அவர்கள் நேரம் போகும்.

‘காரணங்களை விளக்குக’ என்ற வழக்கமான நெடுவினாவில், கூட்டணி முறை, ராணுவவாதம், தேசியவாதம், காலனிப் போட்டி என்று வரிசையாக எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். எது பெரிது, எது சிறிது, எது எதைத் தூண்டியது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. இங்கே உண்டு. இந்த வினாவைச் சேர்ப்பதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

இரண்டாம் படி: எந்த இடத்தில் மாற்றுவது

மாற்றம் சிறியதாக இருக்க வேண்டும். அன்றைக்கே நடந்திருக்கக் கூடியது என்பதற்குச் சான்று இருக்க வேண்டும். ‘ஜெர்மனி என்ற நாடே உருவாகாமல் இருந்திருந்தால்?’ என்று கேட்டால், பல தலைமுறைகளின் வரலாற்றை மாணவர் புதிதாக எழுத வேண்டியிருக்கும். அதைத் திருத்த யாராலும் முடியாது.

சரயேவோ இதற்கு நல்ல இடம். அன்று காலை ஊர்வலம் ஆற்றங்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, சாப்ரினோவிச் என்ற இளைஞன் வீசிய குண்டு இளவரசரின் காருக்குத் தப்பி, பின்னால் வந்த காரருகே வெடித்தது. நகர மன்ற வரவேற்பு முடிந்ததும், காயம்பட்டவர்களை மருத்துவமனையில் பார்க்க வேண்டும் என்றார் இளவரசர். பாதுகாப்புக்காகப் பாதை மாற்றப்பட்டது. ஆற்றங்கரைச் சாலையிலேயே நேராகப் போவது என்று முடிவானது. அந்த முடிவு ஓட்டுநருக்குப் போய்ச் சேரவில்லை. பழைய திட்டப்படி கார் பக்கத் தெருவில் திரும்பியது. தவறு என்று சொல்லப்பட்டதும் நின்றது. நின்ற இடத்தருகே இன்னொரு சதிகாரன் காவ்ரிலோ பிரின்சிப் இருந்தான், சுட்டான்.

ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இதைவிடச் சிறிய மாற்றம் கிடைப்பது அரிது. அதிசயம் எதுவும் தேவையில்லை, யாருடைய குணமும் மாற வேண்டியதில்லை. எடுத்திருந்த முடிவு நிறைவேறியிருந்தால் போதும்.

மூன்றாம் படி: வினாவை எழுதுதல்

பலர் எழுதும் வடிவம் இது: ‘பிரான்ஸ் பெர்டினாண்ட் கொல்லப்படாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?’ இதில் மூன்று ஓட்டைகள்.

முதலாவது, அவர் எப்படிப் பிழைத்தார் என்று வினா சொல்லவில்லை. சரயேவோவுக்கே போகவில்லையா? குண்டும் வீசப்படவில்லையா? பிரின்சிப்பின் குறி தப்பியதா? ஒவ்வொன்றிலும் விளைவு வேறு. பயணமே ரத்தாகியிருந்தால் வியன்னாவுக்குச் செர்பியா மீது புதிய புகார் இல்லை. குண்டு வீசப்பட்டு அவர் பிழைத்திருந்தாலோ, சதிகாரர்களில் ஒருவன் பிடிபட்டிருக்கிறான். ஆயுதங்கள் செர்பியாவிலிருந்து வந்த செய்தி விசாரணையில் வெளிவரக்கூடும். கெடு வைப்பதற்கான சாக்கு அப்போதும் கையில் இருக்கிறது. ஒரு மாணவர் முதல் நிலையை மனத்தில் வைத்தும் இன்னொருவர் இரண்டாவதை வைத்தும் எழுதினால், இருவரும் இரண்டு வெவ்வேறு வினாக்களுக்கு விடை எழுதியிருக்கிறார்கள். பிறகு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது எப்படி?

இரண்டாவது ஓட்டை, ‘என்ன நடந்திருக்கும்’ என்பதற்கு எல்லை இல்லை. எந்த விளைவைப் பற்றிக் கேட்கிறோம், எந்த ஆண்டு வரை என்று சொல்லாவிட்டால் விடை ஹிட்லர், அணுகுண்டு, நிலவுப் பயணம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, எதைச் சான்றாகக் கொள்ளலாம் என்ற வரம்பு இல்லை.

இந்த மூன்றையும் அடைத்தபின் வினா இப்படி ஆகிறது:

‘1914 ஜூன் 28 அன்று காலைக் குண்டுவீச்சுக்குப் பிறகு, பாதை மாற்றம் ஓட்டுநருக்கு முறையாகச் சொல்லப்பட்டு, கார் ஆற்றங்கரைச் சாலையிலேயே நேராகச் சென்றுவிட்டது என்றும், பிரான்ஸ் பெர்டினாண்ட் உயிருடன் வியன்னா திரும்பினார் என்றும் கொள்க. அந்தக் கணம் வரை மற்ற அனைத்தும் நடந்தபடியே. 1916 இறுதிக்குள் ஐரோப்பிய வல்லரசுகளுக்கிடையே பெரும்போர் மூண்டிருக்குமா? 1908 முதல் 1914 ஆகஸ்ட் 4 வரையிலான சான்றுகளைக் கொண்டு வாதிடுக. உங்கள் முடிவுக்கு எதிரான வலுவான சான்று ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் கூறுக. (12 மதிப்பெண்கள்)’

நீளமான வினாதான். ஆனால் மாணவர் எதை எழுத வேண்டும் என்பது இதில் மறைவாக இல்லை.

1916 என்ற வரம்பு யோசித்து வைத்தது. ‘1914 இறுதிக்குள்’ என்று வைத்தால் ‘மூண்டிருக்காது’ என்பவர்களுக்கு வேலை மிக எளிதாகிவிடும். ஆறு மாதத்தில் இன்னொரு பொறி விழுந்தே தீரும் என்று வாதிடுவது கடினம். ‘1930 வரை’ என்று வைத்தால் எதையும் சொல்லலாம். ரஷ்யாவின் படைப் பெருக்கம் 1917 அளவில் முழுமை பெறும் என்று ஜெர்மன் ராணுவத் தலைமை கணக்கிட்டிருந்தது. அதற்கு முன் முந்திக்கொள்ள வேண்டும் என்ற அழுத்தம் 1916 வரையிலான காலத்துக்குள் வந்துவிடுகிறது. இப்போது இரு பக்கமும் பொருள் இருக்கிறது.

சான்று வரம்பை ஜூன் 28 உடன் நிறுத்தாமல் ஆகஸ்ட் 4 வரை நீட்டியதற்கும் காரணம் உண்டு. ஜூலை 5 அன்று ஜெர்மனி வியன்னாவுக்கு அளித்த ஆதரவு உறுதி, ஜூலை 23 அன்று வியன்னா செர்பியாவுக்கு விடுத்த 48 மணி நேரக் கெடு ஆகியவை, கொலை உண்மையில் எந்தக் கதவைத் திறந்தது என்பதைக் காட்டும் சான்றுகள். அவற்றைத் தடுத்தால் மாணவரால் ஒப்பிட முடியாது.

நான்காம் படி: இரு பக்கமும் நாமே எழுதிப் பார்த்தல்

வினாவை அச்சுக்கு அனுப்புமுன், ‘ஆம்’ என்று ஒரு விடையும் ‘இல்லை’ என்று ஒரு விடையும் நாமே எழுத வேண்டும். குறிப்பு எடுத்தால் போதாது. தேர்வில் மாணவருக்குக் கிடைக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில், பாடத்தில் உள்ள செய்திகளை மட்டும் வைத்து, முழுதாக எழுத வேண்டும்.

ஒரு பக்கம் எழுத வரவில்லை என்றால், ஒன்று வினா சாய்ந்திருக்கிறது, அல்லது அந்தப் பக்கத்துக்கு வேண்டிய செய்தியை நாம் நடத்தவில்லை. சரயேவோ வினாவில் இப்படி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. செர்பியா மீது போர் தொடுக்க வேண்டும் என்று ஆஸ்திரியப் படைத்தலைவர் கொன்ராட் பலமுறை வற்புறுத்தினார் என்பதும், 1913 இல் அதை எதிர்த்தவர்களில் பிரான்ஸ் பெர்டினாண்டும் ஒருவர் என்பதும் ‘இல்லை’ பக்கத்தின் முதுகெலும்பு. இதை வகுப்பில் சொல்லியிருக்காவிட்டால், வெளியே படித்த சிலருக்கு மட்டுமே அந்தப் பக்கம் திறக்கும். தேர்வுக்கு முன் நடத்திவிட வேண்டும். முடியாவிட்டால் வினாவிலேயே ஒரு வரியாகத் தரலாம். அப்போது ‘ஆம்’ பக்கத்துக்கு உதவும் ஒரு வரியையும் சேர்த்துத் தந்தால்தான் நியாயம்.

ஐந்தாம் படி: மதிப்பெண் பங்கீடு

12 மதிப்பெண்ணை நான்காகப் பிரிக்கிறேன்.

மாற்றத்தைப் பிடித்து வைத்திருத்தல், 2. தரப்பட்ட மாற்றத்திலிருந்து மட்டும் விடை நகர வேண்டும். நடுவில் ‘பிரிட்டனும் ஜெர்மனியும் சமாதானமாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம்’ என்று மாணவர் இன்னொரு மாற்றத்தைச் சேர்த்தால் ஒரு மதிப்பெண் போகும். காலைக் குண்டுவீச்சை மறந்துவிட்டாலும் ஒன்று போகும்.

சான்று, 4. சரியானதும் பொருத்தமானதுமான ஒவ்வொரு செய்திக்கும் 1. ஆண்டு, நாடு, செயல் மூன்றும் தெளிவாக இருந்தால்தான் அது சான்று. ‘அப்போது பதற்றம் நிலவியது’ என்பது சான்று அல்ல.

இணைப்பு, 4. சான்று எப்படி முடிவுக்கு இட்டுச்செல்கிறது என்ற விளக்கம். இதுதான் வினாவின் உயிர்.

எதிர்ச்சான்று, 2. வலுவான எதிர்ச்சான்றைச் சொன்னால் 1, அதற்குப் பதில் கூறினால் இன்னொன்று. எளிதில் அடித்து நொறுக்கக்கூடிய நோஞ்சான் வாதத்தைத் தானே நிறுத்தி வீழ்த்துபவருக்கு 0.

முடிவுக்கு, நடைக்கு, நீளத்துக்கு எதுவும் இல்லை. ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்ற முடிவும் ஏற்கத்தக்கதே. ஆனால் எந்த நிலையில் போர் வரும், எந்த நிலையில் வராது என்று பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். நழுவுவதற்காக எழுதியதா, எடைபோட்டு எழுதியதா என்பது அடுத்த இரண்டு வரிகளிலேயே தெரிந்துவிடும்.

ஆறாம் படி: நான்கு விடைகள், நான்கு மதிப்பெண்கள்

திருத்துபவர்கள் கூடும்போது வைத்துப் பேசுவதற்காக நான் எழுதிய மாதிரி விடைகளின் சாரம் இது.

முதல் விடை ‘மூண்டிருக்காது’ என்கிறது. ‘1913 இல் கொன்ராட் போர் கேட்டபோது மறுத்தவர்களில் இளவரசர் ஒருவர். செர்பியாவைத் தொட்டால் ரஷ்யா வரும் என்று அவர் அஞ்சினார். கொலை அந்தக் குரலை அடக்கியது. அதே நேரத்தில் கொன்ராடின் கையில் காரணத்தையும் கொடுத்தது. அவர் உயிரோடு இருந்திருந்தால் இரண்டுமே நடந்திருக்காது. 1909 இல் போஸ்னியா இணைப்பு நெருக்கடி போரின்றி முடிந்தது. வீசிய குண்டைக் காட்டியே வியன்னா கெடு வைத்திருக்கலாம் என்பார்கள். ஆனால் ஜூலை 5 அன்று ஜெர்மனி தந்ததுபோன்ற உறுதி, குறி தப்பிய ஒரு குண்டுக்காகக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.’ மாற்றம் 2, சான்று 3, இணைப்பு 4, எதிர்ச்சான்று 2. மொத்தம் 11.

இரண்டாம் விடை ‘மூண்டிருக்கும்’ என்கிறது. ‘குண்டு வீசியவன் பிடிபட்டிருப்பான், வியன்னா செர்பியாவை விட்டிருக்காது. 1909 இல் ஜெர்மனியின் அழுத்தத்தால் ரஷ்யா பின்வாங்கியது. அதன்பின் படையைப் பெருக்கியது. அது 1917 வாக்கில் முழுமை பெறும் என்று ஜெர்மன் தளபதிகள் கணக்கிட்டதால், காத்திருப்பது ஆபத்து என்று நினைத்தனர். 1913 அக்டோபரில் ஆஸ்திரியா கெடு வைத்ததும் செர்பியா அல்பேனியாவிலிருந்து படையை விலக்கியது; மிரட்டினால் பணிவார்கள் என்ற பாடத்தை வியன்னா கற்றது. 1912-13 பால்கன் போர்கள் வல்லரசுப் போராக மாறவில்லை என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அவமானத்தோடு விலகினார். இன்னொரு முறை விலக அவர்களுக்கு இடமில்லை.’ மாற்றம் 2, சான்று 4, இணைப்பு 3, எதிர்ச்சான்று 2. மொத்தம் 11. இணைப்பில் ஒன்று குறைந்தது ஏனென்றால், இளவரசர் உயிரோடு இருப்பது வியன்னாவின் முடிவை மாற்றாதா என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

நேரெதிர் முடிவுகள், ஒரே மதிப்பெண். பங்கீடு வேலை செய்கிறது என்பதற்கு இதுவே சோதனை.

மூன்றாம் விடை படிக்க இனிமையானது. ‘அந்தக் கார் திரும்பாமல் இருந்திருந்தால் இலட்சக்கணக்கான தாய்மார்கள் அழுதிருக்க மாட்டார்கள். ரஷ்யப் புரட்சி இல்லை, ஹிட்லர் இல்லை, இரண்டாம் உலகப்போர் இல்லை…’ இப்படியே ஒன்றரைப் பக்கம். போர் வந்திருக்காது என்பதற்கு ஒரு காரணமும் சொல்லவில்லை. வராவிட்டால் என்னென்ன வராது என்று மட்டும் அடுக்கியிருக்கிறது. மாற்றம் 1, மற்றவை 0. நடையில் மயங்கும் திருத்துபவர் இதற்கு 6, 7 என்று போட்டுவிடுவார். நான்கு பகுதிகளுக்கும் தனித்தனியாக எண் போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

நான்காவதுதான் அதிகம் வரும் வகை. ‘போர் தவிர்க்க முடியாதது’ என்று தொடங்கி, கூட்டணிகள், ராணுவவாதம், மொராக்கோ நெருக்கடிகள், தேசியவாதம் என்று பாடத்தை ஒப்பிக்கும். செய்திகள் சரி. இதற்கு ஒரு சுருக்கமான சோதனை உண்டு: முதல் வரியையும் கடைசி வரியையும் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மீதி அப்படியே ‘முதல் உலகப்போரின் காரணங்களை விளக்குக’ என்ற வினாவுக்குப் பொருந்தினால், இணைப்புக்கு 1க்கு மேல் இல்லை. மாற்றம் 1, சான்று 3, இணைப்பு 1, எதிர்ச்சான்று 0. மொத்தம் 5. கடுமை என்று தோன்றலாம். ஆனால் இங்கே 9 போட்டால், யோசித்து எழுதிய முதல் இருவருக்கும் மனப்பாடம் செய்தவருக்கும் இடையே இரண்டே மதிப்பெண்தான் இருக்கும்.

ஏழாம் படி: திருத்தும் முறை

ஒருவருடைய விடைத்தாளை முதலிலிருந்து கடைசிவரை திருத்திவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லோருடைய தாளிலும் இந்த ஒரு வினாவை மட்டும், பெயரை மறைத்து, ஒரே மூச்சில் திருத்துங்கள். குறுவினாக்களில் நன்றாக எழுதியவர் இதிலும் நன்றாக எழுதியிருப்பார் என்ற எண்ணம் நம்மை அறியாமல் எண்களில் ஏறும்.

திருத்துபவர் இருவர் என்றால், முதல் பத்துத் தாள்களை இருவரும் தனித்தனியாக, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் திருத்த வேண்டும். மொத்தத்தில் இரண்டுக்கு மேல் வேறுபட்டால், எந்தப் பகுதியில் வேறுபட்டது என்று பாருங்கள். பெரும்பாலும் இணைப்பில்தான் இருக்கும். அப்போது விடையைப் பற்றி விவாதிப்பதைவிட விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்ப்பது பயன்தரும். ‘இளவரசரின் நிலைப்பாட்டைத் தொடாத விடைக்கு இணைப்பில் 3க்கு மேல் இல்லை’ என்பதுபோல. சேர்த்தபின் அந்தப் பத்தையும் மறுபடி திருத்த வேண்டும். தனியாகத் திருத்துபவர், முதலில் திருத்திய ஐந்தாறு தாள்களைக் கடைசியில் எண்ணைப் பார்க்காமல் மீண்டும் திருத்திப் பார்க்கலாம். நம் கை இளகியதா இறுகியதா என்பது தெரியும்.

ஒரே பிழைக்கு இருமுறை தண்டனை வேண்டாம். அல்பேனியக் கெடு 1912 இல் என்று ஒருவர் எழுதினால் சான்றில் அந்த ஒரு மதிப்பெண் போகட்டும். அதிலிருந்து அவர் எடுத்த வாதம் ஆண்டு மாறினாலும் நிற்குமானால் இணைப்பைக் குறைக்காதீர்கள். ஆண்டு மாறியதால் வாதமே தலைகீழானால் மட்டும் குறையுங்கள்.

காலவரம்பைத் தாண்டிய சான்றுகளுக்கும் முன்கூட்டியே விதி வேண்டும். பேரரசர் பிரான்ஸ் ஜோசப் 1916 நவம்பரில் இறந்தார். ‘அப்போது பிரான்ஸ் பெர்டினாண்டே பேரரசர் ஆகியிருப்பார்’ என்று ஒரு நல்ல மாணவர் எழுதுவார். ஆகஸ்ட் 4 வரை என்று வினா சொல்லிவிட்டதால் இதைச் சான்றாக எண்ண முடியாது. எழுதியதற்காகக் குறைக்கவும் வேண்டாம். ‘1914 இல் பேரரசருக்கு வயது 83, அடுத்த பேரரசர் இவர்தான் என்பது அரசவையில் எல்லோருக்கும் தெரியும்’ என்று எழுதியிருந்தால் அது வரம்புக்குள் வருகிறது, மதிப்பெண் உண்டு.

எல்லாம் முடிந்தபின் தாள்களை ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டின் சராசரியையும் பாருங்கள். இரண்டும் அருகருகே இருந்தால் நல்லது. ஒன்று மிகவும் கீழே போயிருந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: மனப்பாட விடைகள் எல்லாம் அந்தப் பக்கம் குவிந்திருக்கலாம், பாடத்தில் அந்தப் பக்கத்துக்குச் சான்று குறைவாக இருந்திருக்கலாம், நம் சாய்வு நுழைந்திருக்கலாம். முதலாவதா என்று பார்க்க, நான்காம் வகை விடைகளை எடுத்துவிட்டுச் சராசரியை மறுபடி கணக்கிட்டால் போதும். வித்தியாசம் அப்போதும் இருந்தால், அந்தக் கட்டிலிருந்து நாலைந்து தாள்களை இன்னொருவரிடம் கொடுங்கள். அவருடைய எண்ணும் அதே அளவு தாழ்ந்திருந்தால் வினாவில் குறை, உயர்ந்திருந்தால் நம்மிடம்.

எங்கே கேட்கக் கூடாது

பெருந்தொகையானோர் கொல்லப்பட்ட நிகழ்ச்சிகளில், பாதிக்கப்பட்டவர்கள் வேறுவிதமாக நடந்திருந்தால் என்று கேட்கக் கூடாது. வினாவின் அமைப்பே பழியை அவர்கள் மீது திருப்பிவிடும். முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களின் செயலை மாற்றிக் கேட்கலாம். வகுப்பில் ஒருமுறையேனும் இந்த வகையைப் பழக்காமல் இறுதித் தேர்வில் வைப்பதும் சரியல்ல. மொத்த மதிப்பெண்ணில் இது பெரும்பங்காகவும் இருக்க வேண்டாம். 60 மதிப்பெண் தாளில் 12க்கு மேல் நான் வைப்பதில்லை.

விடைத்தாளின் ஓரத்தில் மொத்தத்தை மட்டும் எழுதாமல் ‘2-3-4-2’ என்று நான்கு எண்களையும் எழுதிவிடுங்கள். ‘அவன் முடிவும் என் முடிவும் ஒன்றுதான், அவனுக்கு 11, எனக்கு ஏன் 5?’ என்று மாணவர் வந்து நிற்கும்போது, பேச்சை மூன்றாவது எண்ணிலிருந்து தொடங்கலாம்.